“அவுட்லையர்களை நீக்கினோம்” என்ற ஒரு வரியால் வரும் சிக்கல்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்கும் அளவீடுகளை, அதாவது அவுட்லையர்களை, நீக்கியதாக ஒரு வரி எழுதினால், ஆய்வேட்டைத் திருத்துபவர் அதன் ஓரத்தில் “எத்தனை? ஏன்?” என்று எழுதியிருப்பார். வைவாவில் “நீக்காமல் விட்டிருந்தால் என்ன வந்திருக்கும்?” என்று கேட்பார்கள். சஞ்சிகையின் மதிப்பீட்டாளர் “இந்த விதியை எப்போது தீர்மானித்தீர்கள்?” என்பார். மூன்றுக்கும் அடியில் உள்ள சந்தேகம் ஒன்றுதான்: பிடித்த முடிவு வரும்வரை தரவைப் பொறுக்கினார்களோ? நேர்மையாக வேலை செய்தவர்கள்கூட எழுதும் விதத்தால் இந்தச் சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்கப்படும் கேள்வியை அறிகுறியாக எடுத்து, பிழை எங்கே இருக்கிறது, எதை எப்படி எழுத வேண்டும் என்று பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தைப் பயன்படுத்துகிறோம். வேலை நாளில் காலை 7.30க்குக் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து கிளம்பிக் கோட்டைக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது? காலி வீதி பஸ்ஸில் 12 நாள், கரையோர ரயிலில் 12 நாள். எண்கள் கணக்குக் காட்டுவதற்காக நாமே அமைத்தவை. யாரும் அளந்தவை அல்ல. கையாலேயே சரிபார்க்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக வைத்திருக்கிறோம்.

பஸ்: 44, 46, 47, 48, 49, 50, 51, 52, 53, 54, 56, 98
ரயில்: 36, 37, 38, 39, 4, 40, 41, 42, 43, 44, 88, 96

விலகி நிற்பவை நான்கு. ரயிலில் உள்ள 4, குறிப்புப் புத்தகத்தில் 40 என்று இருக்கிறது. கணினியில் ஏற்றும்போது பூச்சியம் விடுபட்டிருக்கிறது. பஸ்ஸில் 98 வந்தது மழைவெள்ளம் காலி வீதியில் தேங்கிய நாளில். ரயிலில் 88 சமிக்ஞைக் கோளாறு. 96 வர வேண்டிய ரயில் ரத்தாகி அடுத்ததில் போன நாள்.

அறிகுறி 1: “எதை நீக்கினீர்கள், ஏன் என்று தெரியவில்லை”

பெரும்பாலும் காரணம் இதுதான்: மூன்று வேறு விஷயங்களை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். பிழை, வேறு கூட்டத்தைச் சேர்ந்த அளவீடு, உண்மையான அதீதப் பெறுமானம். மூன்றையும் “அவுட்லையர்” என்றே எழுதினால், மூன்றாவதை நீக்கியதற்கு முதலாவதன் நியாயத்தைக் கடன் வாங்குவதுபோல் தெரியும்.

பிழை என்றால் மூலத்தில் ஆதாரம் இருக்க வேண்டும். 4 நிமிடத்தில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போக முடியாது என்பது சந்தேகத்துக்குத்தான் போதும். திருத்துவதற்குப் புத்தகத்தில் உள்ள 40 வேண்டும். புத்தகம் கிடைக்காவிட்டால் 40 என்று ஊகித்துப் போடக் கூடாது. அதை விடுபட்ட தரவாக அறிவித்து, விடுபட்டவற்றின் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். இந்த ஒரு பூச்சியம் சின்ன விஷயம் அல்ல: 4 அப்படியே இருந்தால் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் சராசரி வித்தியாசம் 8.3 நிமிடம், திருத்தினால் 5.3. திருத்தம் உங்கள் முடிவைப் பலவீனமாக்கினாலும் செய்யப்பட்டது என்பது வாசகருக்குத் தெரிவது நல்லது. அதனால் திருத்தியதைச் சொல்லும் இடத்திலேயே இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

வேறு கூட்டம் என்பது நாள் சம்பந்தப்பட்டது. போயா தினத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கும். ஆடிவேல் ரதம் காலி வீதியால் வரும் நாளில் போக்குவரத்தே திசை மாறும். கேள்வி “சாதாரண வேலை நாள்” என்றால் இவற்றை விலக்கலாம். ஆனால் நாளை விலக்குகிறோம், எண்ணை அல்ல. அந்த நாளின் பஸ் அளவீடு போனால், அதே நாளின் ரயில் அளவீடும் போக வேண்டும், அது எவ்வளவு அழகான 41 ஆக இருந்தாலும். அளவீட்டைப் பார்க்காமலே நாட்காட்டியை மட்டும் வைத்து யாராவது இந்த விலக்கலைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் அது நல்ல விதி.

மிஞ்சுவது 98, 88, 96. மூன்றும் உண்மையாக நடந்தவை. ஒருவர் அன்று உண்மையிலேயே 96 நிமிடம் செலவழித்தார். இவற்றை நீக்க வேண்டுமா என்பது கேள்வியைப் பொறுத்தது. அதைக் கடைசி அறிகுறியில் பார்ப்போம். இப்போதைக்கு எழுத வேண்டியது: இவை பிழைகள் அல்ல, காரணம் தெரியும், எண்ணிக்கை இவ்வளவு.

அறிகுறி 2: “விதி பொதுவானதுதான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் அடிபட்டிருக்கிறது”

இதுதான் நேர்மையானவர்களை அதிகம் மாட்டிவைக்கும் இடம். பலரும் எழுதும் விதி: “ஒவ்வொரு குழுவிலும் சராசரியிலிருந்து 3 நியம விலகலுக்கு அப்பால் உள்ளவை நீக்கப்பட்டன.” இரண்டு குழுவுக்கும் ஒரே விதி, நடுநிலை போலத்தான் தெரிகிறது. போட்டுப் பாருங்கள்.

பஸ்ஸின் சராசரி 54.0, நியம விலகல் 14.28. 98 என்பது (98 − 54) / 14.28 = 3.08. வெளியே போகிறது. ரயிலின் சராசரி 48.67 (4 ஐ 40 ஆகத் திருத்திய பின்), நியம விலகல் 20.45. 96 என்பது வெறும் 2.31. உள்ளேயே இருக்கிறது. 88உம் இருக்கிறது. ரயிலில் அதீதப் பெறுமானம் இரண்டு இருப்பதால் அவை இரண்டும் சேர்ந்து நியம விலகலை ஊதிப் பெருக்கி, ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. பஸ்ஸில் தனியாக நின்றது மாட்டிக்கொண்டது. விளைவு: பஸ்ஸின் மோசமான நாள் மட்டும் போய், ரயிலின் மோசமான நாட்கள் தங்கி, வித்தியாசம் 5.3 இலிருந்து 1.3 நிமிடமாகச் சுருங்குகிறது. யாரும் பொறுக்கவில்லை, விதிதான் பொறுக்கியது. ஆனால் வாசகருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இந்த விதியில் இன்னொரு பொறியும் உண்டு. மாதிரியில் n அளவீடுகள் இருந்தால், எந்தப் பெறுமானமும் சராசரியிலிருந்து (n − 1) / √n நியம விலகலுக்கு அப்பால் போகவே முடியாது. n = 10 என்றால் இது 2.85. அதாவது பத்து அளவீடு உள்ள குழுவில் 3 நியம விலகல் விதி எதையும் ஒருபோதும் பிடிக்காது, அதில் ஒன்று பத்து லட்சமாக இருந்தாலும். “விதியைப் பிரயோகித்தோம், எதுவும் அகப்படவில்லை” என்று சிறு மாதிரிகளில் எழுதுவது ஒன்றும் செய்யாததற்குச் சமம். 12 அளவீடு உள்ள நமது குழுவில் உச்ச எல்லை 3.18; பஸ்ஸின் 98 அதில் மயிரிழையில் மாட்டியது.

திருத்தம் இரண்டு படியில். முதலாவது, எல்லையைக் குழுவுக்குள் கணிக்காமல் எல்லாத் தரவையும் ஒன்றாகச் சேர்த்துக் கணியுங்கள். விதி எந்தக் குழு எது என்று அறியாமல் இருக்க வேண்டும். ஒப்பிடப்போகும் குழுக்களுக்குள் தனித்தனியாக வெட்டுவது, உண்மையில் வித்தியாசமே இல்லாத இடத்தில்கூட வித்தியாசம் இருப்பதாகக் காட்டும் வாய்ப்பைக் கூட்டும். ஒவ்வொரு குழுவும் தன் சராசரியை நோக்கியே இறுக்கப்படுவதால் குழுக்களுக்கு இடையில் தற்செயலாக இருந்த இடைவெளி கூர்மையாகிவிடுகிறது.

இரண்டாவது, அதீதப் பெறுமானங்களால் ஊதாத அளவுகோலை எடுங்கள். புள்ளியியலாளர் ஜோன் டூக்கியின் விதி பழையது, எல்லோருக்கும் தெரிந்தது: கீழ்க் காலணையிலிருந்து காலணை இடைவீச்சின் 1.5 மடங்கு கீழே, மேல் காலணையிலிருந்து அதே அளவு மேலே. நமது 24 அளவீட்டையும் சேர்த்தால் காலணைகள் 40.5, 52.5, இடைவீச்சு 12, எல்லைகள் 22.5, 70.5. 88, 96, 98 மூன்றும் அகப்படுகின்றன. திருத்தாத 4 இருந்திருந்தால் அதுவும் அகப்பட்டிருக்கும். முழுமையான இயல்புப் பரம்பலிலும் இந்த விதி சுமார் 0.7% அளவீடுகளைக் குறிவைக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆயிரம் பேரில் ஏழு பேர் சும்மாவே அகப்படுவார்கள். குறிவைத்தல் வேறு, நீக்குதல் வேறு.

எந்தக் காலணை என்றும் எழுதுங்கள். R இல் `quantile` க்கு ஒன்பது வகை உண்டு. எக்செலில் `QUARTILE.INC`, `QUARTILE.EXC` வேறு வேறு விடை தரும். மேலே உள்ளவை `fivenum` தந்த காலணைகள். `quantile` இன் இயல்பு வகையை எடுத்தால் 40.75, 52.25 வரும், எல்லைகள் 23.5, 69.5 ஆகும். இங்கே அதே மூன்றுதான் அகப்படுகின்றன. ஆனால் பஸ்ஸில் 56 நிமிடம் எடுத்த நாள் 70 எடுத்திருந்தால், மென்பொருளைப் பொறுத்து அது உள்ளேயோ வெளியேயோ போயிருக்கும்.

```r
bus   <- c(44,46,47,48,49,50,51,52,53,54,56,98)
train <- c(36,37,38,39,40,40,41,42,43,44,88,96)
h  <- fivenum(c(bus, train))[c(2, 4)]
lo <- h[1] - 1.5*diff(h); hi <- h[2] + 1.5*diff(h)
ok <- function(x) x[x >= lo & x <= hi]
t.test(bus, train)
t.test(ok(bus), ok(train))
```

அறிகுறி 3: அட்டவணைக்கு அட்டவணை எண்ணிக்கை மாறுகிறது

முதல் அட்டவணையில் 24, அடுத்ததில் 23, வரைபடத்தில் 21. வாசகர் கழித்துப் பார்ப்பார்; விளக்கம் இல்லாவிட்டால் மோசமானதையே ஊகிப்பார். ஒரே வரியில் குழுவாரியாகக் கணக்கை வையுங்கள்: “பஸ் 12, நீக்கியது 1, மீதி 11, ரயில் 12, திருத்தியது 1, நீக்கியது 2, மீதி 10.” மொத்தத்தை மட்டும் சொல்வது போதாது. “24 இல் 3 நீக்கப்பட்டன” என்பதில் மூன்றும் ரயிலிலிருந்து போயிருக்கலாம் அல்லவா? எண்ணிக்கை சிறிதாக இருந்தால் நீக்கிய பெறுமானங்களையே எழுதிவிடுங்கள். வரைபடத்தில் அவற்றை அழிக்காமல் வெற்று வட்டமாகக் காட்டினால் பாதிக் கேள்விகள் வராது.

அறிகுறி 4: “இந்த விதியை முடிவைப் பார்த்த பிறகுதானே தேர்ந்தீர்கள்?”

முன்னரே தீர்மானித்திருந்தால், திகதியுள்ள ஆதாரத்தைக் காட்டுங்கள்: முன்பதிவு செய்த திட்டம், ஒழுக்கநெறிக் குழுவுக்குக் கொடுத்த ஆய்வு முன்மொழிவு, அதுவும் இல்லாவிட்டால் தரவு சேகரிக்கும் முன் மேற்பார்வையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் திகதி. ஆனால் அங்கே எழுதியிருப்பது துல்லியமாக இருக்க வேண்டும். “அவுட்லையர்கள் பொருத்தமான முறையில் கையாளப்படும்” என்ற முன்பதிவு எதையும் கட்டுப்படுத்தாது. அதற்குள் நாம் பார்த்த எல்லா விதிகளும் அடங்கும். எந்த மாறியில், எந்த எல்லை, எந்தத் தரவின் மேல் கணிப்பது, அகப்பட்டதை என்ன செய்வது என்ற நான்கும் இருந்தால்தான் அது திட்டம்.

பார்த்த பிறகுதான் தீர்மானித்தீர்கள் என்றால், அப்படியே எழுதுங்கள். இதை எழுதப் பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லாத பயம். “98, 88, 96 ஆகியவற்றைத் தரவைப் பார்த்த பிறகே கவனித்தோம், கீழுள்ள விதி அதன் பின்னர் தேர்ந்தது” என்ற வரி உங்களைக் குற்றவாளியாக்காது. அது ஒரு கடமையை மட்டும் தருகிறது: நீங்கள் தேர்ந்திருக்கக்கூடிய மற்ற நியாயமான விதிகள் ஒவ்வொன்றிலும் என்ன வந்திருக்கும் என்று காட்ட வேண்டும்.

இடைவழி ஒன்றும் உண்டு. தரவு சேகரித்தாகிவிட்டது, ஒப்பீடு இன்னும் செய்யவில்லை என்றால், குழுப் பெயர்களை மறைத்து முடிவெடுக்கலாம். நமது உதாரணத்தில் பஸ், ரயில் என்பதை வெறும் எழுத்துகளாக மாற்றினால் போதாது; நிமிடங்களைப் பார்த்தாலே எது எது என்று ஊகித்துவிடலாம். அதனால் முடிவெடுப்பவரிடம் நிமிடங்களைக் கொடுக்காமல் நாள் குறிப்புகளை மட்டும் கொடுங்கள்: “வெள்ளம்”, “ரத்து”, “சமிக்ஞை”, “குறிப்பு இல்லை”. எந்தக் குறிப்பு விலக்கத் தகும் என்று அவர் சொல்லட்டும். இங்கே “ரத்து” என்ற சொல்லே ரயிலைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மைதான்; “சேவைத் தடை” என்று பொதுவாக மாற்றிக் கொடுங்கள்.

அறிகுறி 5: “உணர்திறன் பகுப்பாய்விலும் முடிவு மாறவில்லை என்கிறீர்கள். எங்கே?”

“மாறவில்லை” என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள். சிலருக்கு பி பெறுமானம் 0.05க்குக் கீழேயே இருந்தது என்று பொருள். சிலருக்குத் திசை மாறவில்லை என்று. வாசகருக்கு வேண்டியது வித்தியாசத்தின் அளவும் அதன் நம்பிக்கை ஆயிடையும், ஒவ்வொரு விதிக்கும், ஒரே அலகில். 2011இல் சிமன்ஸ், நெல்சன், சிமன்சோன் மூவரும் உளவியல் கட்டுரைகளுக்கு முன்வைத்த நிபந்தனைகளில் ஒன்று இதுதான்: அளவீடுகளை நீக்கியிருந்தால், நீக்காமல் வரும் முடிவையும் தர வேண்டும். “கேட்டால் தருவோம்” என்பது தருவது ஆகாது.

நமது தரவில் அந்த அட்டவணை இப்படி வரும். வித்தியாசம் என்பது பஸ் சராசரியில் ரயில் சராசரியைக் கழித்தது, நிமிடத்தில். ஆயிடைகள் வெல்ச் முறையில், 95%.

| விதி | பஸ் | ரயில் | வித்தியாசம் | ஆயிடை |
|---|---|---|---|---|
| எல்லாம் (4 ஐ 40 ஆகத் திருத்தி) | 12 | 12 | 5.3 | −9.7 முதல் 20.4 |
| சேர்த்துக் கணித்த 3 நியம விலகல் | 12 | 12 | 5.3 | −9.7 முதல் 20.4 |
| சேர்த்துக் கணித்த 1.5 இடைவீச்சு | 11 | 10 | 10.0 | 7.1 முதல் 12.9 |
| குழுவுக்குள் 3 நியம விலகல் | 11 | 12 | 1.3 | −11.8 முதல் 14.4 |

முதல் இரண்டு வரியும் ஒன்றாக இருப்பது தவறல்ல: சேர்த்துக் கணித்தால் எல்லை 103.7 நிமிடம், யாரும் அகப்படவில்லை. அதையும் காட்டத்தான் வேண்டும். பிடித்த வரிகளை மட்டும் காட்டுகிற உணர்திறன் பகுப்பாய்வும் பொறுக்கல்தான். ரயிலின் இரண்டை மட்டும் நீக்கி, வெள்ளத்தில் மாட்டிய பஸ்ஸை வைத்துக்கொண்டால் 14.0 நிமிடம் வரும், ஆயிடை 4.8 முதல் 23.2. இந்தப் பெரிய எண் அட்டவணையில் ஏன் இல்லை என்றால், இதைத் தரும் நியாயமான விதி எதுவும் இல்லை. பட்டியலில் வரிகளைச் சேர்ப்பதற்கு அளவுகோல் அதுவே: முடிவைப் பார்க்காத ஒருவர் நியாயம் என்று ஏற்கக்கூடிய விதியா?

மூன்றாவது வரியின் ஒடுங்கிய ஆயிடையைக் கண்டு மயங்க வேண்டாம். 7.1 முதல் 12.9 என்பது நமக்கு அதிகம் தெரியும் என்பதால் வந்ததல்ல. பரம்பலின் வாலை வெட்டி எறிந்ததால் வந்தது. வெட்டினோம் என்பது `t.test` க்குத் தெரியாது. எறிவதற்குப் பதில் அதீதப் பெறுமானங்களை எல்லைக்கு இழுத்து வைத்தாலும் இதே குறைதான்: சாதாரணச் சூத்திரம் நியம வழுவைக் குறைத்தே காட்டும். வெட்டிய சராசரியைப் பயன்படுத்த விரும்பினால், அதற்கென யூயென் என்பவர் தந்த முறையில் சோதித்து, வெட்டிய வீதத்தையும் எழுதுங்கள்.

ஒவ்வோர் அளவீடாக விட்டுவிட்டுக் கணிக்கும் வழக்கமும் உண்டு. இங்கே அது 1.3 (98 ஐ விட்டால்) முதல் 9.6 (96 ஐ விட்டால்) வரை போகிறது. ஒரு நாள் இவ்வளவு அசைக்கிறது என்று காட்ட உதவும். ஆனால் ரயிலில் உள்ளதுபோல் இரண்டு ஒன்றாக நிற்கும்போது, ஒன்றை விட்டாலும் மற்றது அங்கேயே இருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது.

அறிகுறி 6: முடிவு உண்மையிலேயே மாறிவிட்டது

மேலுள்ள அட்டவணையைப் பார்த்தால் நமது நிலை இதுதான். ஒரு விதியில் ரயில் தெளிவாக முந்துகிறது, மற்றதில் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இங்கே பலர் செய்வது, பிடித்த வரியை உடலில் வைத்து மற்றவற்றைப் பின்னிணைப்புக்கு அனுப்புவது. அப்படிச் செய்யும் முன் ஒரு கேள்வி: இந்த வரிகள் எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்களா?

மருந்துப் பரிசோதனைகளுக்கான ஐசிஎச் ஈ9 வழிகாட்டியின் 2019ஆம் ஆண்டு இணைப்பு இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. உணர்திறன் பகுப்பாய்வு என்றால் கேள்வி அதேதான். அனுமானங்கள் மட்டும் மாறுகின்றன. கேள்வியே மாறினால் அது துணைப் பகுப்பாய்வு. 4 ஐ 40 ஆகத் திருத்துவதா, விடுபட்டதாக வைப்பதா என்பது முதல் வகை: இரண்டிலும் நாம் அளக்க விரும்புவது ஒன்றே. ஆனால் ரத்தான ரயிலின் 96 நிமிடத்தை நீக்குவது அப்படியல்ல. நீக்கியவுடன் கேள்வி “ரயிலில் போனால் சராசரியாக எவ்வளவு நேரம்” என்பதிலிருந்து “ரயில் ஒழுங்காக ஓடினால் எவ்வளவு நேரம்” என்று மாறிவிடுகிறது. கோட்டையில் 8.30க்குக் கையொப்பமிட வேண்டியவருக்கு இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

சராசரியிலிருந்து இடையத்துக்குப் போவதும் இப்படித்தான். எதையும் நீக்காமல் இடையங்களை ஒப்பிட்டால் பஸ் 50.5, ரயில் 40.5, வித்தியாசம் 10.0. மூன்றையும் நீக்கினாலும் 50, 40, அதே 10. “இடையத்தால் சரிபார்த்தோம், முடிவு உறுதியானது” என்று இதை எழுதினால் கூர்மையான வாசகர் பிடித்துக்கொள்வார்: இடையம் சராசரியைச் சரிபார்க்கவில்லை, அது நடுவான நாளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு அது நல்ல பதில். அசையாமல் நிற்பதும் அதனால்தான்.

எனவே முரண்பட்ட இரண்டு எண்களில் ஒன்றை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டுக்கும் உரிய கேள்வியைப் பக்கத்தில் எழுதிவிட்டால் முரண்பாடு மறைந்து, தகவல் கிடைக்கிறது: நடுவான நாளில் ரயில் பத்து நிமிடம் முந்தும்; தடைப்பட்ட நாட்களையும் சேர்த்தால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி கரையலாம், 12 நாள் தரவு அதைத் தீர்க்கப் போதாது. எது பிரதான கேள்வி என்பதை மட்டும் முறையியல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட வேண்டும். முடிவுகள் அத்தியாயத்தில் சொன்னால் காலம் கடந்துவிட்டது.

எழுதி முடித்த பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசையை மாற்ற வேண்டாம்.

> பிரதான ஒப்பீடு, தடைப்பட்ட நாட்களையும் உள்ளடக்கிய சராசரிப் பயண நேரமாகும். ஒரு ரயில் அளவீடு (4) மூலக் குறிப்பேட்டின்படி 40 எனத் திருத்தப்பட்டது. திருத்தாவிட்டால் வித்தியாசம் 8.3 நிமிடம். வேறு எதுவும் நீக்கப்படவில்லை. இரு குழுக்களையும் சேர்த்துக் கணித்த காலணை எல்லைகளுக்கு (22.5, 70.5) அப்பால் பஸ்ஸில் 1 (98), ரயிலில் 2 (88, 96) அளவீடுகள் இருந்தன, மூன்றும் மூலத்துடன் சரிபார்க்கப்பட்டன, காரணங்கள் பின்னிணைப்பில் உள்ளன. இந்த எல்லை, தரவைப் பார்த்த பின்னர் தேர்ந்தது. எல்லா அளவீடுகளுடனும் வித்தியாசம் 5.3 நிமிடம் (95% ஆயிடை −9.7 முதல் 20.4). தடையற்ற நாட்கள் என்ற துணைக் கேள்விக்கு, மூன்றையும் விலக்கினால் 10.0 (7.1 முதல் 12.9). குழுவுக்குள் 3 நியம விலகல் விதியில் 1.3 (−11.8 முதல் 14.4).

முன்னரே தீர்மானித்திருந்தால் “தரவைப் பார்த்த பின்னர்” என்ற வரிக்குப் பதிலாகத் திகதியும் ஆவணமும் வரும்.

சமர்ப்பிக்கும் முன் ஆய்வுச் சுருக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். உள்ளே இவ்வளவு கவனமாக எழுதிவிட்டு, சுருக்கத்தில் “ரயில் பத்து நிமிடம் விரைவானது” என்று மட்டும் விட்டுவிடுவது சகஜம். அங்கே “தடையற்ற நாட்களில்” என்ற இரண்டு சொல்லும், எல்லா நாட்களுக்கும் உரிய 5.3 உம் இருக்க வேண்டும். பிறகு, ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு நண்பரிடம் மூலத் தரவையும் மேலுள்ள பத்தியையும் மட்டும் கொடுத்து, 11, 10 என்ற எண்ணிக்கைகளுக்கு அவர் தானாக வந்து சேர்கிறாரா என்று பாருங்கள். அவர் உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பத்தியில் விடுபட்ட ஒரு வரி.